தோப்புக் கேமராவுக்கு எவ்வளவு டேட்டா போதும்?

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. நடுவில் கிணறு, பக்கத்திலேயே மோட்டார் ரூம். சொந்தக்காரர் குடியிருப்பது கோவையில் என்று வைத்துக்கொள்வோம். மோட்டாருக்குப் போகும் காப்பர் கேபிளை யாராவது இரவில் வெட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்பதுதான் அவருடைய கவலை. பிராட்பேண்ட் அந்தத் தோப்பு வரை வராது. அதனால் 4ஜி சிம் போடும் கேமரா ஒன்றை வாங்குகிறார். நாள் முழுக்க ஓடும் கேமராவுக்கு தினம் 1.5 ஜிபி ரீசார்ஜ் எப்படிப் போதும் என்பது கடையில் அவர் கேட்கும் முதல் கேள்வி.

கேமரா ஓடுவதால் மட்டும் டேட்டா செலவாவதில்லை. படம் சிம் வழியாக வெளியே போகும்போதுதான் செலவாகிறது. கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டில் இருபத்து நான்கு மணி நேரமும் பதிவானாலும் சிம்மிலிருந்து ஏதும் குறையாது. ஆப்பைத் திறந்து நேரலை பார்ப்பது, பழைய பதிவை ஓட்டிப் பார்ப்பது, ஆள் நடமாட்டம் தெரிந்ததும் எச்சரிக்கைப் படம் வருவது, கிளவுடில் சேமிப்பது ஆகியவைதான் டேட்டாவைத் தின்கின்றன. நாம் பார்க்கும்போது நம் போனிலும் அதே அளவு குறையும். வீட்டில் மூன்று பேர் தனித்தனி போனில் ஒரே நேரத்தில் பார்த்தால், கேமரா மூன்று முறை படத்தை அனுப்ப வேண்டி வரலாம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தெளிவான படத்தை நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் அனுப்பும் கேமரா நிமிடத்துக்கு 7.5 எம்பி, மணிக்கு 450 எம்பி எடுத்துக்கொள்ளும். கடைக்காரர் ஒருவர் தன் குடோன் கேமராவைக் கல்லாவுக்கு மேலே இருக்கும் டிவியில் HD-யில் திறந்தே வைத்திருந்தால், 1.5 ஜிபி மூன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். ஆப்பில் SD-க்கு மாற்றினால் செலவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். நம் தோப்புக்காரர் காலையும் மாலையும் ஐந்தைந்து நிமிடம் SD-யில் பார்க்கிறார். அதற்கு 20 எம்பி. இரவில் வந்த எச்சரிக்கைகளில் இருபதைத் திறந்து பதினைந்து நொடி வீதம் HD-யில் பார்க்கிறார். அது 40 எம்பிக்குள் அடங்கும். எச்சரிக்கைப் படங்களையும், கேமரா அவ்வப்போது சர்வரோடு பேசிக்கொள்வதையும் சேர்த்து நாளைக்கு 100 எம்பி என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 3 ஜிபிதான் ஆகிறது. ஆகவே இவருக்கு 1.5 ஜிபியே தாராளம். கிளவுடில் நாள் முழுக்கப் பதிவு செய்யும் வசதியை மட்டும் இந்த சிம்மில் தொடவே கூடாது. அது தினம் 10 ஜிபிக்கு மேல் கேட்கும். 128 ஜிபி கார்டு போட்டால் அதே பதிவு பத்து நாளுக்குக் குறையாமல் தோப்பிலேயே இருக்கும். நிறைந்த பிறகு பழையது தானாக அழிந்து புதியது ஏறும்.

சிம் எந்த கம்பெனியுடையது என்பதைக் கேமரா மாட்டப்போகும் இடத்தில்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த சிம்மைப் போனில் போட்டு, மோட்டார் ரூம் சுவரோரம் நின்று, இரவு எட்டு மணிவாக்கில் வேகம் சோதித்துப் பாருங்கள். எல்லோரும் வீடியோ பார்க்கிற அந்த நேரத்திலும் அப்லோட் 2 எம்பிபிஎஸ் வந்தால் கவலையில்லை. டவுன்லோட் 20 இருந்தும் அப்லோட் அரை எம்பிபிஎஸ்கூட வராத இடங்கள் உண்டு. அங்கே படம் திணறத்தான் செய்யும். சிம்மில் பின் நம்பர் போட்டிருந்தால் எடுத்துவிட்டுத்தான் கேமராவில் செருக வேண்டும். வேறு நாட்டுச் சந்தைக்காக வந்த மலிவு மாடல்களில் நம் ஊர் அலைவரிசை சில இருக்காது. டப்பாவில் பேண்ட் 3, 5, 8, 40 எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

டேட்டா வீணாவதற்குப் பெரும் காரணம் வெற்று எச்சரிக்கைகள். காற்றில் ஆடும் மட்டைக்கெல்லாம் கேமரா மணியடிக்கும். இரவில் கேமராவைச் சுற்றிப் பூச்சி வரும். பூச்சியைத் தேடி வரும் சிலந்தி லென்சுக்கு முன்னாலேயே வலை பின்னிவிடும். திரையில் வெள்ளைக் கோடுகள் நெளிவது தெரிந்தால் அதுதான் காரணம். ஆளை மட்டும் கவனிக்கும்படி செட்டிங்கை மாற்றி, கதவையும் கேபிள் போகும் பாதையையும் மட்டும் கட்டம் போட்டு வைத்தால் தொல்லை பெருமளவு குறையும். வலையை ஒட்டடைக் குச்சியால் வாரம் ஒருமுறை நாம்தான் தட்டிவிட வேண்டும்.

திடீரென்று படம் வரவில்லை என்றால் எப்போது நின்றது என்று கவனியுங்கள். காலையில் நன்றாக ஓடி, மாலையில் சுற்றிக்கொண்டே இருந்து, நள்ளிரவு தாண்டியதும் சரியானால், அன்றைய டேட்டா தீர்ந்திருக்கிறது. பல பிளான்களில் அதன்பின் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். SD படத்துக்குக்கூட அது பத்தாது. மறுநாளும் ஆஃப்லைன் என்றே காட்டினால் ரீசார்ஜ் முடிந்ததா என்று பாருங்கள். முடியப்போகிறது என்று வரும் எஸ்எம்எஸ் கேமராவுக்குள் இருக்கும் சிம்முக்குத்தான் போகும், உங்கள் கண்ணில் படாது. அந்த எண்ணை உங்கள் ரீசார்ஜ் ஆப்பில் சேர்த்து, கடைசித் தேதியைக் குறித்து வையுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் கரண்ட் போயிருக்கலாம், யாராவது ஒயரைப் பிடுங்கியும் இருக்கலாம். கேமராவுக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் கொடுத்திருந்தால், ஒயரைப் பிடுங்க வந்தவரின் படம் அதற்குள் உங்கள் போனுக்கு வந்திருக்கும்.