ஐம்பதில் தெரியாது, எண்பதில் ஒடியும்

புகைபிடிக்கும் பெண்ணுக்கும் பிடிக்காத பெண்ணுக்கும் ஐம்பது வயதில் எலும்பைச் சோதித்தால் வித்தியாசம் அநேகமாகத் தெரியாது. இடுப்பு எலும்பு முறியும் வாய்ப்பும் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மால்கம் லா, ஆலன் ஹாக்‌ஷா என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அதுவரை வெளிவந்திருந்த 48 ஆய்வுகளைத் தொகுத்து, 1997-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மாதவிடாய் நின்ற பிறகு, ஒவ்வொரு பத்தாண்டிலும் புகைபிடிக்கும் பெண்ணின் எலும்பு அடர்த்தி மற்ற பெண்களுடையதைவிடக் கூடுதலாக 2 சதவீதம் குறைகிறது. எண்பது வயதில் இடைவெளி 6 சதவீதம். இடுப்பு முறிவைப் பார்த்தால், புகைபிடிப்பவருக்கு ஆபத்து அறுபது வயதில் 17 சதவீதம் அதிகம், எழுபதில் 41, எண்பதில் 71, தொண்ணூறில் இரு மடங்குக்கும் மேல்.

ஆறு சதவீதம் அடர்த்தி குறைந்ததற்கா 71 சதவீதம் கூடுதல் ஆபத்து என்ற கேள்வி எழும். எலும்பின் பலம் அடர்த்தியோடு நேர்கோட்டில் போவதில்லை. தொடை எலும்பு இடுப்பில் பொருந்தும் இடத்துக்குச் சற்றுக் கீழே, கழுத்து போலக் குறுகிய ஒரு பகுதி உண்டு. அங்கே அடர்த்தி பத்துப் பன்னிரண்டு சதவீதம் குறைந்தாலே முறிவின் வாய்ப்பு இரு மடங்கைத் தாண்டிவிடும். அதில் பாதி குறைந்தாலும் ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. மீதியை மெலிந்த தசையும் தடுமாறும் நடையும் சேர்த்துவிடுகின்றன.

ஏன் ஐம்பதுக்குப் பிறகு மட்டும்? எலும்பு கட்டி முடித்துவிட்ட பொருள் அல்ல. உள்ளே ஒரு வகைச் செல்கள் பழைய எலும்பை அரித்துக் கரைக்கும். இன்னொரு வகை அந்தக் குழியில் புது எலும்பை நிரப்பும். கரைக்கும் செல்கள் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வது ஈஸ்ட்ரோஜன். அது தாராளமாகச் சுரக்கும் வயதில் புகையின் சேதம் வெளியே தெரிவதில்லை. சூலகங்கள் ஓய்ந்த பிறகு உடலில் எஞ்சுவது கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன்தான். புகை கை வைப்பது அந்தக் கொஞ்சத்தில்.

பல வழிகளில் கை வைக்கிறது. புகைபிடிக்கும் பெண்களுக்கு மாதவிடாய் ஓரிரு ஆண்டுகள் முன்பே நின்றுவிடுகிறது. பின்னர் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகும். புகைபிடிப்பவர்களோ சராசரியாக ஒல்லி. உருவானதையும் கல்லீரல் சீக்கிரமாக வீரியமற்ற வடிவுக்கு மாற்றி வெளியேற்றிவிடுகிறது. இதை டென்மார்க்கில் நேரடியாகவே பார்த்தார்கள். அந்தத் தலைமுறை டேனிஷ் பெண்களிடம் சிகரெட் சாதாரணப் பழக்கம். மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்களைப் பற்றிய 1985 ஆய்வு அது. ஒரே மாத்திரையை விழுங்கினாலும், புகைபிடித்தவர்களின் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருந்தது. சிகரெட் எண்ணிக்கை கூடக் கூட அளவு இறங்கியது. எலும்பைக் காக்கக் கொடுத்த மருந்தின் ஒரு பங்கைப் புகை தின்றுவிட்டது. குடலில் கால்சியம் உறிஞ்சப்படுவதும் இவர்களுக்குக் குறைவு. நுரையீரல் கெட்டு, மூச்சிறைப்புக்காக அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட நேர்ந்தால் அது தன் பங்குக்கு எலும்பைக் கரைக்கும்.

விட்டால் சரியாகுமா? ஆகும், ஆனால் பொறுமை வேண்டும். அமெரிக்கச் செவிலியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், புகையை விட்ட பெண்களுக்கு இடுப்பு முறிவின் ஆபத்து குறைந்தது தெரிய ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆனது. இதைக் கேட்டு, ‘அறுபதில் விட்டு என்ன பயன்?’ என்று நினைப்பவர்கள் மேலே உள்ள கணக்கை ஒருமுறை பார்க்கலாம். பலன் வந்து சேரும் எழுபதில்தான் இடைவெளி வேகமாக விரியத் தொடங்குகிறது.

நம் ஊரில் புகைபிடிக்கும் பெண்கள் குறைவு. அதனாலேயே ஒரு சிக்கல். விழுந்து வரும் ஆண்களிடம் ‘பீடி, சிகரெட் உண்டா?’ என்று கேட்கும் டாக்டர், பாட்டியிடம் கேட்கக் கூச்சப்படுகிறார். சுருட்டு பிடிக்கும் பாட்டிகள் கிராமங்களில் உண்டு. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் அதைவிட அதிகம். புகை இல்லை என்றாலும் நிக்கோட்டின் அங்கேயும் இருக்கிறது.

இனி, முறிந்த பிறகு. அறுபத்தெட்டு வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வருடமாகத் தினம் பத்து சிகரெட். படியில் சறுக்கி முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிந்து, உள்ளே ஒரு நீண்ட ஆணியைச் செலுத்தி நிறுத்தியிருக்கிறார்கள். ஆணி எலும்பை நேராகப் பிடித்துக்கொள்ளும். ஒட்டுவது உடலின் வேலை. முதலில் முறிந்த இடத்தில் ரத்தம் உறையும். அதற்குள் புது ரத்தக்குழாய்கள் வளர்ந்து வரும். இரண்டு மூன்று வாரத்தில் குருத்தெலும்பு போன்ற மென்மையான பாலம் உருவாகும். அது மெல்லக் கெட்டியாகி எலும்பாகும். இந்த இடத்தில் முறிவு கூட வழக்கமாக நான்கைந்து மாதம் பிடிக்கும்.

புகை சரியாக இந்த இரண்டாம் படியில் குறுக்கே நிற்கிறது. நிக்கோட்டின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. கார்பன் மோனாக்சைடு சிவப்பணுக்களில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அது பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும் என்பதால், தினம் பத்து பிடிப்பவருக்கு விழித்திருக்கும் நேரமெல்லாம் ரத்தத்தில் அது இருந்துகொண்டே இருக்கும். ரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் எலும்புக்குப் பதில் குருத்தெலும்பும் நாரும் தங்கிவிடுகின்றன.

அமெரிக்காவில் கால் எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்த கடும் முறிவுகளைத் தொடர்ந்த ஆய்வு 2005-இல் வெளியானது. புகைபிடிப்பவர்களுக்கு எலும்பு ஒட்டும் வாய்ப்பு 37 சதவீதம் குறைவு; கிருமித்தொற்று இரு மடங்குக்கும் மேல். முன்பே விட்டவர்களுக்கும் ஒட்டும் வாய்ப்பு 32 சதவீதம் குறைவாகவே இருந்தது. இவை பெரும்பாலும் விபத்தில் அடிபட்டவர்களின் கணக்கு. படியில் சறுக்கியவரின் முறிவு அவ்வளவு கொடியதல்ல என்பதால் எண்களை அப்படியே அவருக்குப் பொருத்தக்கூடாது. திசை மட்டும் அதுதான்.

ஒட்டவில்லை என்று எப்படித் தெரியும்? கூட வேண்டிய காலம் கழிந்தும் காலை ஊன்றும்போது முறிந்த இடத்திலேயே சுருக்கென்று வலிக்கும். எக்ஸ்ரேயில் முன், பின், இடம், வலம் என நான்கு பக்கத்தில் மூன்றிலாவது புது எலும்புப் பாலம் தெரிய வேண்டும், தெரியாது. பிறகு திருகு வளைவதோ உடைவதோ நடக்கும். தையல் இட்ட இடம் சூடாகிக் கசிந்தால் தொற்றுக்குள் போய்விட்டது என்று பொருள். அடுத்தது இன்னொரு அறுவை: ஆணியை மாற்றி, இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து வைப்பது.

இடுப்பு முறிவில் நிலைமை கொஞ்சம் வேறு. எழுபதைத் தாண்டியவருக்குக் கழுத்துப் பகுதி முறிந்து விலகியிருந்தால் பெரும்பாலும் உலோகப் பந்து பொருத்திவிடுவார்கள். ஒட்ட வேண்டிய எலும்பே இல்லை. அங்கே பயம் புண்ணையும் நுரையீரலையும் பற்றியது.

திட்டமிட்ட மூட்டு அறுவை என்றால் நாலு வாரம் முன்பே புகையை நிறுத்தச் சொல்லலாம். முறிவு சொல்லிக்கொண்டு வருவதில்லை. அடிபட்ட பிறகு நிறுத்தி என்ன ஆகும் என்பதை ஸ்டாக்ஹோமில் சோதித்தார்கள். உடனடி அறுவை தேவைப்பட்ட, புகைபிடிக்கும் 105 பேர். ஒரு பாதிக்கு ஆறு வாரம் ஆலோசனையும் இலவச நிக்கோட்டின் மாற்றும் கொடுத்தார்கள்; மறு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. 2010-இல் வந்த முடிவு: வழக்கமான கவனிப்பில் 38 சதவீதம் பேருக்குச் சிக்கல், ஆலோசனை பெற்றவர்களில் 20 சதவீதம். நிக்கோட்டின் பட்டையிலும் நிக்கோட்டின் உண்டுதான். கார்பன் மோனாக்சைடு இல்லை. எனவே அறுவைக்கு உள்ளே வரும்போதே, மயக்க மருந்து டாக்டரிடம் தினம் எத்தனை என்ற எண்ணை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, மாற்று மருந்தை அன்றைக்கே கேட்டு வாங்கலாம். அந்த ஆறு வாரத்துக்குள்தான் பாலத்தின் முதல் பகுதி எழுகிறது.