பார்சல் எங்கே? கடையே சொல்லட்டும்

சென்னிமலையில் போர்வை விற்கும் ஓர் இணையக் கடையை எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து ஒருவர் வாங்கியதும் கடை ஓர் ஆர்டர் எண் தருகிறது. பார்சலைப் பதிவு செய்யும்போது கூரியர் நிறுவனம் ஏடபிள்யூபி என்ற வேறோர் எண்ணைத் தருகிறது. இரண்டும் ஒரே ஆர்டரில் சேர்ந்திருந்தால்தான் மற்றதெல்லாம் நடக்கும். கையால் அடித்தால் ஓர் இலக்கம் பிசகி, யாருடைய பார்சலோ தெரியக்கூடும். பதிவையே கூரியரின் ஏபிஐ வழியாகச் செய்து, வரும் எண்ணை அப்படியே சேமிப்பதுதான் சரி.

இனி நிலவரம் வர வேண்டும். அரை மணிக்கொரு முறை கடை போய்க் கேட்கலாம். ஆனால் பெரும்பாலான நேரம் புதிதாக எதுவும் இருக்காது. வெப்ஹுக் முறையில் கடை தன் முகவரி ஒன்றைக் கூரியரின் தளத்தில் கொடுத்துவைக்கிறது. பார்சல் ஸ்கேன் ஆனதும் செய்தி அந்த முகவரிக்கே வந்துவிடும். செய்தியோடு வரும் ரகசியக் குறியீட்டைச் சரிபார்த்த பிறகே கடை அதை நம்ப வேண்டும். இல்லையென்றால் அந்த முகவரி தெரிந்த எவரும் 'டெலிவரி ஆயிற்று' என்று அனுப்பிவிடலாம்.

சிக்கல் இதற்குப் பிறகுதான்.

செய்திகள் நடந்த வரிசையிலேயே வரும் என்று சொல்ல முடியாது. டெலிவரி ஊழியர் காலை 10:05-க்குப் பார்சலோடு கிளம்பியதைப் பதிவு செய்கிறார்; இணைப்பு இல்லாததால் அது அங்கேயே தங்கிவிடுகிறது. மாலை 4:10-க்குப் போர்வை கைக்கு வந்த செய்தி கடைக்கு வருகிறது. 4:40-க்குக் காலைச் செய்தி வந்து சேர்கிறது. கடைசியாக வந்ததை மேலே எழுதும் நிரல், போர்வையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் 'வந்துகொண்டிருக்கிறது' என்று சொல்லும். வந்த நேரத்தை விட்டுவிட்டு, ஸ்கேன் ஆன நேரத்தை ஒப்பிட்டால் இது தீரும். ஒரே செய்தி இரண்டு முறையும் வரலாம். ஏடபிள்யூபி எண், நிலை, ஸ்கேன் நேரம் மூன்றும் ஏற்கெனவே இருந்தால் புறக்கணித்துவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய பிழை `RTO Delivered` என்ற நிலையில் ஒளிந்திருக்கிறது. வாங்கியவரிடம் சேராமல், பார்சல் விற்றவரிடமே திரும்பிச் சேர்ந்துவிட்டது என்று பொருள். `Delivered` என்ற சொல்லை மட்டும் தேடும் நிரல் இதையும் வெற்றியாக எண்ணி, வூகாமர்ஸில் ஆர்டரை `completed` ஆக்கிவிடும். போர்வையே பார்க்காதவருக்கு 'ஆர்டர் முடிந்தது' என்று மின்னஞ்சல் போகும். பார்சலைக் கொடுக்கும்போது பணம் வாங்கும் ஆர்டர் என்றால், வராத பணமும் கணக்கில் ஏறிவிடலாம். அதனால் நிலையின் பெயர் முழுவதும் பொருந்த வேண்டும். பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் ஆர்டரைத் தொடாமல் ஒருவரின் பார்வைக்கு அனுப்புவதே பாதுகாப்பு.

கடையின் சர்வர் சிறிது நேரம் படுத்துக்கிடந்தால் சில செய்திகள் தவறிப்போகலாம். எனவே இரண்டு நாளாக அசையாத ஆர்டர்களை மட்டும் இரவில் கடையே கூரியரிடம் கேட்டுக்கொள்வது வழக்கம். அங்கே புதிய ஸ்கேன் இருந்தால் கோளாறு இணைப்பில் இருக்கிறது. இல்லையென்றால் பார்சலே எங்கோ நிற்கிறது, கூரியரை அழைக்க வேண்டும்.