ஒரு போஸ்டருக்கு எத்தனை கிரெடிட் செலவழிக்கலாம்? அரூர் மஞ்சள்தூள் கடைக் கணக்கு

ஏஐ படம் போடுற ஆப்ல 'இன்னும் ஒரு தடவை'ன்னு தட்டும்போது காசு போறது தெரியாது. கிரெடிட்தான் குறையும். அதனால முதல் வேலை, கிரெடிட்டை ரூபாயா மாத்துறது.

அரூர்ல மஞ்சள்தூள் அரைச்சு பாக்கெட் போட்டு விக்கிற ஒரு கடைன்னு வெச்சுக்கோங்க. மாசம் 1,700 ரூபாய்க்கு 1,000 கிரெடிட். அப்போ ஒரு கிரெடிட் 1.70 ரூபாய். சாதாரணத் தரத்துல ஒரு படத்துக்கு 5, உயர்தரத்துல 20 கிரெடிட் போகுதுன்னு எடுத்துக்குவோம். (உங்க ஆப்ல வேற மாதிரி இருக்கும், விலைப்பட்டியலைப் பாருங்க.)

பொங்கல் போஸ்டருக்கு முதல் சுற்றுல ஒன்னுக்கொன்னு சம்பந்தமில்லாத 4 யோசனை, சாதாரணத் தரத்துல: 20 கிரெடிட். அதுல ஒன்னைப் பிடிச்சு, ஒரு விஷயத்தை மட்டும் மாத்தி 4 படம்: இன்னொரு 20. கடைசியா ஒரே ஒரு உயர்தரப் படம்: 20. மொத்தம் 60 கிரெடிட், அதாவது 102 ரூபாய். ஆரம்பத்துலயே உயர்தரத்துல 40 தடவை தட்டினா 1,360 ரூபாய். கிட்டத்தட்ட மாசச் சந்தாவே காலி.

எப்போ நிறுத்தணும்? வார்த்தையை மாத்திக் கேட்டும் அதே தப்பு ரெண்டாவது தடவை வந்தா நிறுத்திடுங்க. அது கருவியோட எல்லை. பெரும்பாலும் தமிழ் எழுத்துலதான் இப்படி மாட்டும்: 'மஞ்சள்'ல புள்ளி காணாமப் போகும், இல்ல எழுத்தே வேற ஏதோ ஆகும். எழுத்தில்லாம படம் எடுத்து, டிசைன் ஆப்ல ஃபான்ட் வெச்சு நீங்களே எழுதுங்க. பாக்கெட்டையும் வரையச் சொல்லாதீங்க. நிஜ பாக்கெட்டை போன்ல போட்டோ எடுத்து ஒட்டுங்க. லேபிளும் தூளோட நிறமும் மாறக் கூடாது.

இன்னொரு சோதனை: பழைய படத்தையும் புதுசையும் வாட்ஸ்அப் சைஸ்ல பக்கத்துல வெச்சுப் பாருங்க. வித்தியாசம் தெரியலைன்னா வாடிக்கையாளருக்கும் தெரியாது.

உங்க நேரமும் செலவுதான். மணிக்கு 200 ரூபாய்னு வெச்சா, முக்கால் மணி நேரம் 150 ரூபாய். கிரெடிட்டோட சேர்த்து 252. ஊர்ல டிசைனர் 400 ரூபாய்க்குப் பண்ணித் தர்றார்னா, அந்தத் தொகைதான் உங்க உச்சவரம்பு.

மாசம் 8 போஸ்டர்னா 480 கிரெடிட், சொதப்பலுக்கு 120 சேர்த்தா 600. மிச்சம் 400, பல சந்தாக்கள்ல மாசக் கடைசியில காலாவதி ஆயிடும். சின்ன பிளான் இருந்தா அதுக்கு மாறுங்க.

வெளிநாட்டு நிறுவனத்துக்கு டாலர்ல கட்டினா கார்டு பேங்க் மார்க்-அப் தனி. ஜிஎஸ்டி எண் கொடுத்திருந்தா 18% வரியை நீங்களே ரிவர்ஸ் சார்ஜ்ல கட்டணும்: 1,700க்கு 306 ரூபாய். சாதாரணப் பதிவுன்னா அதை உள்ளீட்டு வரியா எடுத்துக்கலாம். காம்போசிஷன்ல இருந்தா எடுக்க முடியாது. அப்போ உங்க ஒரு கிரெடிட் விலை 1.70 இல்ல, 2 ரூபாய்க்கு மேல.