வீட்டின் விலை முழுவதையும் வங்கி ஏன் தருவதில்லை?

நானுஓயாவில் ஒரு சிறிய வீடும் காணியும் விலைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். கேட்பது 100 இலட்சம். உங்கள் கையில் 10 இலட்சம் இருக்கிறது. மீதி 90 இலட்சத்தை வங்கி தரும் என்று நம்பி, அந்தப் பத்தையும் முற்பணமாகக் கொடுத்துவிடுகிறீர்கள். தவறு இங்கேதான் தொடங்குகிறது.

வங்கி நீங்கள் பேசிய விலையைப் பார்ப்பதில்லை. தன் மதிப்பீட்டாளரை அனுப்புகிறது. அவர் அறிக்கையில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று சந்தைப் பெறுமதி: அவசரமின்றி விற்றால் கிடைப்பது, 90 இலட்சம் எனக் கொள்வோம். மற்றது கட்டாய விற்பனைப் பெறுமதி: ஏலத்தில் அவசரமாக விற்றால் கிடைப்பது, 70 இலட்சம். வங்கி இந்த 70-ஐ மனதில் வைத்து 65 இலட்சம் தரச் சம்மதிக்கிறது. சந்தைப் பெறுமதியில் இது ஏறக்குறைய 72 சதவீதம். இதையே கடன்–பெறுமதி விகிதம் என்பார்கள். அப்படியானால் நீங்கள் போட வேண்டியது பத்து அல்ல, 35 இலட்சம்! அதைத் திரட்ட முடியாவிட்டால் முற்பணமும் கைவிட்டுப் போகலாம்.

ஏன் இந்தக் கண்டிப்பு? முழு 100 இலட்சத்தையும் வங்கி தந்ததாக எண்ணிப் பாருங்கள். குடும்பத் தலைவருக்கு நோய் வந்து ஓராண்டு தவணை தவறுகிறது. நிலுவை 110 இலட்சமாகிறது. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், சில வரையறைகளுக்குள், நீதிமன்றம் செல்லாமலே ஈட்டை ஏலத்தில் விற்க வங்கிக்கு வழி தருகிறது. ஏலத்தில் கிடைப்பதோ 70. குறையும் 40 இலட்சம் மன்னிக்கப்படுவதில்லை. வீடும் போய், கடனும் உங்கள் தலையில் நிற்கும். 65 இலட்சமே பெற்றிருந்தால் ஏலப் பணமே கடனைப் பெரும்பாலும் தீர்த்திருக்கும். உங்கள் 35 இலட்சம் வங்கிக்குக் காப்பு மட்டுமல்ல, உங்களுக்கும் காப்பு.

வட்டியில்லா வங்கியாவது முழுவதையும் தராதா என்று கேட்பீர்கள். குறைந்து செல்லும் முஷாரகா முறையில் நீங்களும் வங்கியும் வீட்டின் பங்காளிகள். பங்கு போடாதவர் பங்காளி ஆவதெப்படி? அங்கும் உங்கள் முதல் தேவை.

நம் மலையகத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். அரச காணியில் நிற்கும் தோட்ட லயன் அறைக்கு உங்கள் பெயரில் உறுதி இல்லையென்றால், ஈடு வைக்கவே முடியாது. மண்சரிவு அபாயமுள்ள சரிவாயின் மதிப்பீடு வெகுவாகக் குறையும்.

உறுதியில் விலையைக் கூட்டி எழுதிக் கடனைப் பெருக்கலாம் என்று தரகர் சொன்னால் கேளாதீர்கள். அது பொய் மட்டுமல்ல, மேலே சொன்ன 40 இலட்சக் குழியை நாமே தோண்டுவதாகும். நகையை அடகு வைத்து முதலைத் திரட்டுவதும் அப்படியே. ஒரே வருமானத்தில் இரண்டு தவணைகள் சேரும்.

ஆகவே சகோதரிகளே, முதலில் மதிப்பீட்டு அறிக்கையின் இரண்டு தொகைகளையும் கேட்டறியுங்கள். முற்பணம் அதற்குப் பிறகுதான். கொடுக்கும்போதும், வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள்.