அப்டேட்டுக்குப் பிறகு குறைந்த 12 கிலோமீட்டர்

ராத்திரி அப்டேட் ஆன வண்டியைக் காலையில் எடுத்தேன். முழு சார்ஜில் வழக்கமாக 100 கிலோமீட்டர் காட்டும் திரை, அன்று 88 என்றது. பேட்டரி போய்விட்டதோ என்று வயிறு கலங்கியது.

பெட்ரோல் வண்டியில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் எரிபொருள் கூடும். மின் ஸ்கூட்டரில் அந்தத் திருகல் ஒரு வேண்டுகோள் மட்டுமே. மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் விடலாம் என்பதை கன்ட்ரோலருக்குள் இருக்கும் மென்பொருள்தான் முடிவு செய்கிறது. ஈகோ, ஸ்போர்ட் என்று நாம் மாற்றுவதெல்லாம் அந்த உச்சவரம்பையும் வேகத்தையும்தான். மோட்டாரும் பேட்டரியும் அதேதான். ஈகோவில் ரேஞ்ச் கூடுவதற்கு முக்கியக் காரணம் வேகம் குறைவதே. 40-லிருந்து 60 கிலோமீட்டர் வேகத்துக்குப் போனால் காற்றின் எதிர்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிடும்.

வரம்பு மென்பொருளில் இருப்பதால், வாங்கிய பிறகும் வண்டி மாறலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தயாராகும் ஓலா எஸ்1 ப்ரோவுக்கு ஈகோ மோடு வந்ததே 2022-இல், மூவ்ஓஎஸ் 2 அப்டேட் வழியாகத்தான். அதேபோல, பேட்டரி சூடானாலோ சார்ஜ் அடிமட்டத்துக்கு வந்தாலோ எந்த இடத்தில் இழுவையைக் குறைப்பது என்ற எல்லையையும் அப்டேட் தள்ளி வைக்கலாம். ‘முன்ன மாதிரி பிக்கப் இல்ல’ என்பவர் சொல்வது பிரமையாகவே இருக்க வேண்டியதில்லை.

என் வண்டி விஷயத்துக்கு வருகிறேன். திரையில் தெரியும் ரேஞ்ச் அளந்த கணக்கு இல்லை, அனுமானம். மிச்சமுள்ள மின்சாரத்தை, கிலோமீட்டருக்கு இவ்வளவு செலவாகும் என்ற எண்ணால் வகுத்து வருவது. பயன்படுத்தக்கூடிய மின்சாரம் 3,000 வாட்-அவர் என்று வைத்தால், கிலோமீட்டருக்கு 30 வீதம் 100 வரும்; 34 வீதம் 88 வரும்.

உண்மையைச் சொல்வது செயலியில் இருக்கும் பயண விவரம். பலரும் அதைத் திறப்பதே இல்லை. பூட்டு, பார்க்கிங் இடம், சார்ஜ் அளவு இவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் அலுவலகப் பாதை போக வர 24 கிலோமீட்டர். அப்டேட்டுக்கு முன் கிலோமீட்டருக்கு 30 வாட்-அவர், மொத்தம் 24 சதவீதம் செலவாகும். அப்டேட்டுக்குப் பின் 34-ம் 27 சதவீதமும் காட்டினால், வண்டி நிஜமாகவே கூடுதலாகக் குடிக்கிறது. மோடு அமைப்பு மாறியிருக்கலாம், டயரில் காற்றும் குறைந்திருக்கலாம். 30 அப்படியே இருந்து சதவீதம் மட்டும் 27 ஆனால், பயன்படுத்த விடும் மின்சாரமே ஏறக்குறைய 2,670 ஆகச் சுருங்கியிருக்கிறது. சர்வீஸ் சென்டரில் கேட்க வேண்டியது அதைத்தான்.

அதே பாதை, அதே மோடு, டயரில் அதே காற்று என்று மூன்று நாள் ஓட்டிப் பார்த்தேன். மூன்று நாளும் 30, 24 சதவீதம். அனுமானத்தைத்தான் மாற்றியிருக்கிறார்கள்.