மேட்டுத் தோட்டமும் பள்ளத்துப் பீலியும்

நுவரெலியாவின் மலைச்சரிவுகளிலே தேயிலைக்கு அடுத்தபடியாகக் கண்ணிற்படுவன மரக்கறித் தோட்டங்களாகும். உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட், கோவா என்பன அங்கு ஆண்டு முழுவதும் மாறிமாறிப் பயிராகின்றன. குளிர்ந்த மலையில் விளைச்சலைப் பெருக்க வேண்டுமாயின் உரமும் கிருமிநாசினியும் தாராளமாக இடப்படல் வேண்டும். மழை பெய்யுங்கால் அவற்றின் ஒரு பகுதி மண்ணோடு கரைந்து கீழே இறங்குகின்றது. சரிவின் அடியிலே பீலியில் நீர் பிடிப்பவன் உரம் வாங்கியவனுமல்லன், விளைச்சலை விற்றவனுமல்லன். ஆயினும் செலவின் ஒரு பங்கு அவன் தலையில் விழுகின்றது. ஒருவர் செயலின் பயன் ஒருவருக்கும் துன்பம் பிறிதொருவருக்குமாக இவ்வாறு பிரிந்து நிற்பதையே பொருளியலார் புறவிளைவு என்பர்.

இதற்குப் பரிகாரம் யாது? கேம்பிரிட்ஜ் அறிஞர் பீகூ 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மாசுபடுத்துவோன் மீது அரசு வரி விதித்தல் வேண்டும் என்ற வழியைக் காட்டினார். நாற்பதாண்டுகளுக்குப் பின்னர், 1960இல், றொனால்ட் கோஸ் என்பவர் வேறொரு வினாவை எழுப்பினார். மேட்டு நிலத்தான் பள்ளத்தானுக்குத் தீங்கு செய்கின்றான் என்பது மெய்யே. ஆனால் அவனைத் தடுத்தால் அவனுக்குத் தீங்கு நேர்கின்றதல்லவா? தீங்கு இருபுறமும் உள்ளதாயின், எத்தீங்கு பெரிது என்பதே கேள்வி. அதனை இருவரும் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள இயலாதா?

ஓர் உதாரணத்தைக் கற்பித்துப் பார்ப்போம். மேலே ஒரு மரக்கறித் தோட்டம். கீழே அதே ஊற்று நீரைப் பயன்படுத்தும் ஒரு விடுதி. உரத்தைக் குறைத்தால் தோட்டக்காரனுக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய் நட்டம். குறைக்காவிடில், வேறிடத்திலிருந்து நீர் தருவிக்கும் வகையில் விடுதிக்கு 1,00,000 ரூபாய் நட்டம். தூய நீருக்கான உரிமை விடுதிக்கே உண்டெனச் சட்டம் சொல்லுமாயின், தோட்டக்காரன் அவ்வுரிமையை விலைக்கு வாங்க முயலலாம். அவன் தரக்கூடியது 60,000 வரையே. விடுதி கேட்பதோ 1,00,000. பேரம் படியாது, உரம் குறையும். இனி, உரமிடும் உரிமை தோட்டக்காரனுக்கே உண்டெனக் கொள்வோம். அப்பொழுது விடுதிக்காரர் 80,000 ரூபாய் கொடுத்து உரத்தைக் குறைக்கும்படி கேட்பார்; தோட்டக்காரனும் மகிழ்ந்து இசைவான். இங்கும் உரம் குறைகின்றது. உரிமை எவர் பக்கம் இருப்பினும் நீர் தூய்மையாகவே முடிகின்றது. பணம் எவர் பையிலிருந்து எவர் பைக்குச் செல்கின்றது என்பது மட்டுமே மாறுகின்றது. அந்த ‘மட்டுமே’ கொடுப்பவனுக்குச் சிறிய காரியமன்று.

பேரம் பேசுவதற்கே செலவுண்டு. எதிராளி எவன் என அறிதல், நீரைச் சோதித்தல், ஒப்பந்தம் எழுதுதல், அது காக்கப்படுகின்றதா எனப் பார்த்தல் ஆகியன இலவசமாக நடவா. மேற்கூறிய இருவருக்கும் பேரத்தால் உண்டாகும் மொத்த இலாபம் 40,000 ரூபாய். இச்செலவுகள் 50,000 ஆகுமாயின் எவரும் பேச முன்வரமாட்டார். உரிமையைச் சட்டம் எங்கே வைத்ததோ அங்கேயே காரியம் நின்றுவிடும். தோட்டக்காரனிடம் உரிமை இருந்தால் நீர் கெட்டபடியே கிடக்கும். கோஸ் வற்புறுத்தியதும் இதனையே. செலவற்ற உலகைப் பற்றிய பகுதியைப் பிறர் ‘கோஸ் தேற்றம்’ எனப் பெயரிட்டுப் பரப்பினர். அவருடைய நாட்டமோ செலவுள்ள மெய்யுலகின் மீதே இருந்தது. 1991இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

இத்தகைய பேரம் மெய்யாகவே நிகழ்ந்த இடமொன்று வடகிழக்குப் பிரான்சிலுள்ள விற்றெல் என்னும் ஊராகும். அங்கு நிலத்தடியிலிருந்து ஊறும் கனிய நீரைப் போத்தலில் அடைத்து விற்கும் கம்பனி, 1980களில், தன் நீரில் நைத்திரேற்று ஏறிவருவதைக் கண்டது. ஊற்றுக்கு மேலுள்ள நிலங்களிலே கால்நடைப் பண்ணையாளர் புல்வெளியைக் கைவிட்டுச் சோளம் பயிரிடத் தொடங்கியதே காரணம். அவர்கள் சட்டத்தை மீறவில்லை. கனிய நீரின் தன்மை மாறாதிருத்தல் வேண்டும் என்பதோ கம்பனியின் கவலை; சாதாரண குடிநீருக்கு ஐரோப்பாவில் அனுமதிக்கப்பட்ட அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராமாக இருக்க, கம்பனி நாடிய அளவு அதன் பத்திலொரு பங்கையும் எட்டாதது. ஆகவே உரிமை பண்ணையாளரிடம் இருந்தது. பணம் கொடுக்கவேண்டியது கம்பனியாயிற்று.

பிரெஞ்சு அரசின் விவசாய ஆய்வு நிறுவனம் 1989இல் ஆராய்ச்சியைத் தொடங்கியது. பேச்சுவார்த்தையை நடத்துவதற்கென 1992இல் தனியொரு துணை நிறுவனம் அமைக்கப்பட்டது. கம்பனி கேட்டவை இவை: சோளம் கைவிடப்படல் வேண்டும், இரசாயன உரமும் கிருமிநாசினியும் நிறுத்தப்படல் வேண்டும், ஓர் எக்டயரில் ஒரு மாட்டுக்கு மேல் வளர்த்தலாகாது, சாணம் மக்கிய பின்னரே இடப்படல் வேண்டும். ஈடாக, எக்டயர் ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய 200 யூரோ வீதம் ஐந்தாண்டுகளுக்குக் கொடுத்தது. புதிய தொழுவமும் கருவிகளும் அமைக்கப் பண்ணையொன்றுக்கு 1,50,000 யூரோ வரை உதவிற்று. எருவை மக்கவைத்து வயலிற் பரப்பும் வேலையையும் தன் கூலியாட்களைக் கொண்டே செய்துகொடுத்தது. நிலங்களை நல்ல விலைக்கு வாங்கி, பயன்படுத்தும் உரிமையை அதே பண்ணையாளரிடமே கட்டணமின்றி விட்டது. கடன் சுமந்திருந்தோர்க்கு இது பேருதவியாயிற்று. ஒப்பந்தங்கள் 18 அல்லது 30 ஆண்டுக் காலத்துக்கானவை. 2004அளவில் அப்பகுதியில் எஞ்சியிருந்த 26 பண்ணைகளும் புதிய முறைக்கு வந்துவிட்டன.

இப்பேரத்துக்குச் சாதகமாக எத்தனை பொருத்தங்கள் கூடின! வாங்குபவர் ஒருவரே, அவரிடம் செல்வம் மிகுதி. விற்பவர் தொடக்கத்திலும் நாற்பது பண்ணையினரளவே. மாசு எந்த வயலிலிருந்து வருகின்றது என்பதை ஆராய்ச்சி காட்டிற்று. நிலம் எவருடையது என்பதில் ஐயமில்லை. அவ்வாறிருந்தும் பத்தாண்டுகள் சென்றன. தொடக்கத்திலே பண்ணையாளர் கம்பனியைச் சந்தேகக் கண்ணோடே நோக்கினர்.

நுவரெலியாவில் இப்பொருத்தங்களைத் தேடிப் பார்க்கலாம். கிரகரி வாவியைத் தாண்டி ஓடும் நானு ஓயா கொத்மலை ஓயாவில் கலந்து, மகாவலியோடு சேர்கின்றது. அதனுள் உரத்தைச் சேர்ப்பவை எண்ணற்ற சிறு தோட்டங்கள். அதன் நீரை நம்புவோரோ அதனினும் பலர். எவன் எவனுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதைக் கணக்கிடவே இயலாது. எல்லோரும் பணம் திரட்டும்பொழுது, ‘மற்றவர் கொடுக்கட்டும், நீர் எனக்கும் வரத்தானே போகின்றது’ எனக் காத்திருப்பவரும் தோன்றுவர்.

உரிமையின் நிலை இன்னும் கடினமானது. 1970களின் நிலச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்ட நிலங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. லயன் அறைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்வோரிற் பெரும்பாலோர் தாம் வாழும் நிலத்துக்கோ, தாம் நீர் பிடிக்கும் பீலிக்கோ உறுதிப்பத்திரம் உடையவரல்லர். விற்க எதுவும் இல்லாதவன் பேரத்தில் ஒரு தரப்பாக அமர முடியாது. பேசவேண்டுமாயின் அவனுக்காக அரசோ, தோட்ட நிர்வாகமோ, தொழிற்சங்கமோ பேசல் வேண்டும். பேசுபவரின் நலனும் பீலியில் நீர் பிடிப்பவனின் நலனும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. மாறாக, தூய நீர் அவனது உரிமையெனச் சட்டம் தெளிவாக்குமாயின், மேட்டு நிலத்தானே பேரம் பேச இறங்கி வரவேண்டியிருக்கும். கணக்கின்படி உரத்தின் அளவு ஒன்றாகவே முடியலாம். வாழ்க்கையின்படி அவ்விரு நிலைகளும் ஒன்றல்ல.

எனினும் ஒரே சரிவிலே ஒரு தோட்டமும் ஒரு பீலியும் மட்டும் அமைந்த இடங்கள் மலைநாட்டில் இல்லாமலில்லை. அவ்விடத்து மழைக்குப் பின் தோட்டத்துக்கு மேலே ஒரு போத்தல் நீரும், கீழே ஒரு போத்தல் நீரும் எடுத்து நைத்திரேற்றுச் சோதனை செய்வித்தல் முதற்படியாகும். இரண்டுக்கும் வேறுபாடு தெரியுமாயின் பேசவேண்டியவர் இன்னாரென்பது தெரியும். வேறுபாடு தெரியாவிடில் மாசு பிறிதோரிடத்திலிருந்து வருகின்றது. அயலவனோடு விலை பேசுவது வீண்.