மெரினாவின் இரண்டு படங்கள்

கடற்காற்று, நிலக்காற்று படத்தை வரையாமல் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவர்கள் குறைவு. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. இரண்டையும் நன்றாக வரைந்த பிள்ளைகளிடம்கூட, எந்த அம்புக்குறி முதலில் வரவேண்டும் என்று கேட்டால் பதில் வருவதில்லை. காற்று ஏன் அடிக்கிறது என்ற கதையே அந்த வரிசையில்தான் இருக்கிறது.

சென்னை மெரினாவில் ஒரு மே மாதப் பகலை எடுத்துக்கொள்வோம். வடக்கு நோக்கி நின்று பார்ப்பதாக வைத்து, தாளின் நடுவில் கரையைக் குறிக்கவேண்டும். இடப்பக்கம் நகரம், வலப்பக்கம் வங்கக்கடல். நண்பகலில் நிலத்தின் மேலுள்ள காற்று 37, 38 டிகிரிக்குப் போய்விடும். கடல்நீரோ 29, 30 டிகிரியிலேயே நிற்கும். ஒரே எடையுள்ள மணலையும் நீரையும் ஒரே அளவு சூடாக்க வேண்டுமானால், நீருக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும். அதோடு, வெயில் மணலின் மேல்தோலை மட்டும் சுடுகிறது. நீருக்குள்ளோ சில மீட்டர் இறங்குகிறது, அலை அதை மேலும் கலக்கிவிடுகிறது.

முதல் அம்பு நகரத்தின் மேல், நிமிர்ந்தபடி. சூடான காற்று விரிந்து மேலெழுகிறது. இரண்டாவது அம்பு மேலே, நிலத்திலிருந்து கடலை நோக்கி. பலர் விட்டுவிடுவது இதைத்தான். மேலே போன காற்று கடல் பக்கம் வழிந்து போவதால்தான் நகரத்தின் தலைக்கு மேல் உள்ள காற்றின் மொத்தச் சுமை குறைகிறது. தரையருகே அழுத்தம் தாழ்கிறது. மூன்றாவது அம்பு கடல்மேல் கீழிறங்கும் காற்று. கடைசியாக வருவது, கடலிலிருந்து கரைக்கு வரும் அம்பு. மணலில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் படுவது இந்த நான்காவது அம்பு மட்டுமே.

தரையருகே நிலத்தில் ‘தாழ்வு’, கடலில் ‘உயர்வு’ என்று எழுதவேண்டும். சூடு என்றாலே உயர்வு என்று நினைத்து மாற்றி எழுதுவது வழக்கமான தவறு. அப்படி எழுதினால் அம்பு தாழ்விலிருந்து உயர்வுக்கு ஓடும். படம் தன்னையே மறுத்துவிடும். பெயரிலும் ஒரு வழுக்கல் உண்டு. காற்றுக்கு அது புறப்படும் இடத்தின் பெயர்தான். போய்ச்சேரும் இடத்தின் பெயர் அல்ல.

இரவுப் படத்துக்கு நான்கு அம்புகளையும் அப்படியே திருப்பினால் போதும் என்பார்கள். திசைக்கு அது சரி, தடிமனுக்குச் சரியல்ல. மே மாத இரவில் சென்னை நிலம் 27, 28 டிகிரி வரைதான் குளிர்கிறது. கடல் அதே 29, 30. பகலில் எட்டு டிகிரி வித்தியாசம் இருந்த இடத்தில் இப்போது இரண்டு டிகிரிதான். ஆகவே நிலக்காற்று மெலிந்தது, தாழ்வாகவே ஓடுவது. இரவு அம்புகளை ஒல்லியாகவும் சுழற்சியைக் குட்டையாகவும் வரைகிறவர் விஷயம் புரிந்தவர். அமைதியான தை மாத இரவு என்றால் கதை மாறும்: நிலம் 21 டிகிரிக்கு இறங்கும், கடல் 26-ஐ ஒட்டியே நிற்கும். அம்பைக் கொஞ்சம் தடிப்பாக்கலாம்.

இந்தப் படங்களில் ஒரு பொய்யும் இருக்கிறது, தவிர்க்க முடியாத பொய். கடற்காற்றின் உயரம் ஒரு கிலோமீட்டர் அளவு. கரைக்கு இருபுறமும் சேர்த்து அதன் நீளம் 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 30 சென்டிமீட்டர் அகலத் தாளில் அளவு பிசகாமல் வரைந்தால் உயரம் அரை சென்டிமீட்டர்தான் வரும். நான்கு அம்புகளும் ஒரு பென்சில் கோட்டுக்குள் நசுங்கிப்போகும். உயரத்தை இழுத்துக் காட்டுவதைத் தவிர வழியில்லை.

படம் பொய்த்துப்போகும் நாட்களும் உண்டு. கோடையில் மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக வீசினால், கடற்காற்று கரையைத் தாண்டத் திணறும். நண்பகலில் வரவேண்டியது மூன்று மணிக்கு வரும். அதற்குள் வெப்பம் 40-ஐத் தாண்டிவிடும். வரும்போதும் நகரம் முழுக்க ஒரே நேரத்தில் வருவதில்லை. கடலுக்கு அருகிலுள்ள நுங்கம்பாக்கத்தில் வெப்பமானி இறங்கத் தொடங்கியபின்னும் மீனம்பாக்கம் காய்ந்துகொண்டிருக்கலாம். வந்துவிட்டதற்கு அடையாளம்: கொடி மேற்குப் பக்கம் திரும்பும், வெப்பம் சட்டென்று சில டிகிரி விழும், சட்டை உடம்போடு ஒட்டும்.

பாய்மரம் கட்டிய கட்டுமரங்கள் விடியுமுன் நிலக்காற்றில் கடலுக்குள் போய், பிற்பகல் கடற்காற்றில் கரை திரும்பின. இந்த இரண்டுக்கும் நடுவில் காலையில் ஒரு பொழுது வரும். நிலமும் கடலும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கும். பாய் தொய்ந்து தொங்கும். அதற்கு மூன்றாவதாக ஒரு படம் வரையலாம்: கரை, கடல், சூரியன் மூன்றும் இருக்கும், அம்பு ஒன்றுகூட இருக்காது.